பின்வாசல் வரிசை

கவிதைப் பட்டறை என்று பெரிய பெயர் வைத்திருந்தாலும், இளங்கலை இரண்டாமாண்டு மாணவிகளுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி மிகச் சாதாரணமானது. அவரவர் பையில் இருப்பவற்றை அப்படியே வரிசையாக எழுத வேண்டும். உவமை வேண்டாம், உணர்ச்சி வேண்டாம், பட்டியல் போதும் என்று சொல்லிவிடுவேன். பெண்களின் பை சின்ன வீடு மாதிரி. மாத்திரை அட்டை, உடைந்த பொட்டுப் பாக்கெட், யாருக்கோ கொடுக்க வேண்டிய கடன் பணம், அம்மாவுக்குத் தெரியாத கடிதம் என்று ஏதாவது வெளியே வரும். சென்ற ஆண்டு ஒரு மாணவி ஐந்தே வரி எழுதியிருந்தாள். டிபன் பாக்ஸ் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, நாற்பது ரூபாய், நாப்கின் இரண்டு, சீப்பு. அடியில் தனியாக, “பை: கண்ணாடி” என்று இருந்தது.

கண்ணாடிப் பையா என்று கேட்டேன். “பிளாஸ்டிக்தாம்மா. உள்ள இருக்கிறது வெளிய தெரியணும். கடையிலேயே குடுத்திருக்காங்க” என்றாள். காலை ஷிப்டில் கல்லூரி, மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை ஊரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. அந்தக் கடைக்கு நானும் போயிருக்கிறேன். முன்வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, “வாங்கம்மா” என்பார்கள். அந்தக் கடைக்குப் பின்பக்கச் சந்தில் இன்னொரு வாசல் இருப்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த வாசலில் நடப்பதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். உள்ளே நுழையும்போது கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பும்போது அதற்கு மேல் பத்து ரூபாய் இருந்தாலும் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் யாராவது அன்பாகக் கொடுத்தது என்றால் அதை மேற்பார்வையாளரிடம் காட்டியிருக்க வேண்டும். போட்டிருக்கும் நகையும் அதே நோட்டில் ஏறும்: கம்மல், மூக்குத்தி, ஒரு சங்கிலி. போனை ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். கடை கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும்.

இரவு பில் போடுவது நின்றதும் துணிகளை மடித்து அடுக்கிவிட்டு, தளத்தின் கதவருகே உள்ள இயந்திரத்தில் விரலை வைக்க வேண்டும். அத்துடன் வேலை நேரம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் வரிசை தொடங்குகிறது. படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, கீழே மூன்று பக்கம் அட்டையும் ஒரு பக்கம் திரையும் போட்ட தடுப்புக்குள் போக வேண்டும். உள்ளே ஒரு பெண் காவலர் இருப்பார். பையைத் திறந்து பார்ப்பார், டிபன் பாக்ஸின் மூடியைக் கழற்றச் சொல்வார், கொண்டையை அமுக்கிப் பார்ப்பார். பிறகு கைகளை விரிக்கச் சொல்லி அக்குளிலிருந்து இடுப்பு வரையிலும், கொசுவத்தின் மேலும், முழங்கால் வரையிலும் தடவிப் பார்ப்பார். ஒருத்திக்குப் பதினைந்து நொடி.

கடைக்காரர் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜவுளிக்கடையில் சரக்குக் குறைவதுண்டு. ‘ஷார்ட்டேஜ்’ என்பார்கள். ஊழியர் எடுப்பது அதில் ஒரு பங்கு; அது நடக்கவே நடக்காது என்று எந்தத் தொழிலாளியும் என்னிடம் சாதித்ததில்லை. ஜாக்கெட் துணி, உள்ளாடை, குழந்தைச் சட்டை போன்றவற்றை உடம்போடு மறைத்துக் கொண்டுபோக முடியும். வாடிக்கையாளர் எடுத்துப் போவது இன்னொரு பங்கு. சரக்கு அனுப்பியவர் குறைத்து அனுப்புவது, தவறாகப் பில் போடுவது, ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றிவிட்டுக் கணக்கில் ஏற்றாமல் விடுவது ஆகியவை மற்ற பங்குகள். இத்தனை வழிகள் இருந்தும் தடவிப் பார்க்கப்படுவது ஒரு கூட்டம் மட்டுமே. முன்வாசலில் வாடிக்கையாளர் ஒரு கதவுச் சட்டத்தைக் கடக்கிறார். துணியில் மாட்டிய பூட்டுவில்லையைக் கழற்றாமல் கொண்டுபோனால் அது கத்தும், இல்லையென்றால் அவர் பாட்டுக்குப் போகலாம். அதையே பின்வாசலிலும் வைக்கலாமே என்று கேட்டேன். வில்லையைக் கழற்றும் கருவி ஊழியர் கையில்தானே இருக்கிறது என்று கடையின் மேலாளர் பின்னாளில் என்னிடம் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அந்தக் கருவி இருப்பது பில் போடும் மேசையில். மேசையில் இருப்பவர்கள் ஆறு பேர். வரிசையில் நிற்பவர்கள் எண்பது பேர்.

எண்பது பேர், ஒரு தடுப்பு, ஆளுக்குப் பதினைந்து நொடி. கணக்கு எனக்கு எப்போதும் வராது. மாணவிகளே போட்டுக் காட்டினார்கள். கடைசி ஆள் வெளியே வர இருபது நிமிடம் ஆகும். முதலில் நிற்பவளுக்குக் காத்திருப்பே இல்லை, கடைசியில் நிற்பவளுக்கு இருபது நிமிடம், ஆக சராசரியாகப் பத்து நிமிடம். நுழையும்போது நோட்டில் எழுதவும் போனை ஒப்படைக்கவும் ஐந்து நிமிடம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் என்றால் மாதத்தில் இருபத்தாறு வேலை நாளுக்கு ஆறரை மணி நேரம். முழுநேரம் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் பத்து மணி நேரத்துக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், மாதம் 325 ரூபாய்க்கான நேரத்தை அவள் வரிசையில் இலவசமாகக் கொடுக்கிறாள். எண்பது பேருக்கு 26,000 ரூபாய். இன்னொரு பெண் காவலரை வேலைக்கு வைத்து இரண்டாவது தடுப்பு போட இதைவிடக் குறைவாகவே செலவாகும், காத்திருப்பும் பாதியாகும். ஆனால் காத்திருப்பதால் கடைக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. பிறகு எதற்கு அதைக் குறைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியோடு சட்டம் படித்த என் தோழியிடம் போனேன். அவள் சொன்னவற்றில் எனக்கு மறக்காமல் நின்றது ஒரு சொற்றொடர். 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டத்தின் அட்டவணையில், ஒரு தொழிற்சாலை எழுத்தில் வகுத்தே ஆக வேண்டியிருந்த விஷயங்கள் வரிசையாக வந்தன. வேலை நேரம், விடுப்பு, கூலி நாள் ஆகியவற்றோடு, குறிப்பிட்ட வாசல்கள் வழியாகவே நுழைய வேண்டியது பற்றியும் சோதனைக்கு உட்பட வேண்டியது பற்றியும் ஒரு வரி இருந்தது. வாசலும் சோதனையும் ஒரே மூச்சில். அதைப் பின்பற்றி எழுதப்பட்ட பழைய மாதிரி நிலையாணைகளில் அந்த வரிக்குச் சில வேலிகளும் போட்டிருக்கிறார்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். சோதனையின்போது சாட்சியாக இன்னும் இருவர் இருக்க வேண்டும். சிலவற்றில், அந்த ஆளிடம் நிறுவனத்தின் பொருள் இருக்கிறது என்று தீய எண்ணமில்லாத சந்தேகம் காவலருக்கு இருக்க வேண்டும் என்றும் உண்டு.

சந்தேகம் என்ற சொல்லை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை. சந்தேகம் என்றால் ஒருவர் மேல், ஒரு காரணத்தோடு வர வேண்டும். எண்பது பேர் மேலும் தினமும் இரவு ஒன்பதரைக்கு வருவதை அந்தச் சொல்லால் சொல்ல முடியாது. அதற்கு வழக்கம் என்றுதான் பெயர். மில் வேலைக்குப் போன பெண்கள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். “சோதனை போடறதுக்குச் சாட்சியா ரெண்டு பேர் நின்னாங்களா?” என்றால் சிரிக்கிறார்கள்.

அந்த நிலையாணைகள் கடைகளுக்குப் பொருந்தியதில்லை. அவை தொழிற்சாலை போன்ற இடங்களுக்கானவையாக இருந்தன. அங்கேயும் முன்பு நூறு பேர் வேலை செய்தால் நிலையாணை கட்டாயம் என்றிருந்தது, புதிய தொழிலுறவுத் தொகுப்பில் முந்நூறு பேர் என்றாகிவிட்டது. கடையில் அதற்குப் பதிலாக இருப்பது வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கும் தாள். “நிர்வாகம் கோரும்போது சோதனைக்கு ஒத்துழைப்பேன்” என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அந்தத் தாளின் நகல் என் மாணவியிடம் இல்லை, யாரிடமும் இல்லை. அந்த வரியில் என்ன சோதனை, எங்கே, யார், எதுவரை என்று ஒரு சொல்லும் இல்லாததால் எல்லாமே அதில் அடங்கும் என்று கடை நினைக்கிறது. காவல்துறையே கைது செய்யப்பட்ட பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் பெண் ஒருவர்தான், கண்ணியம் சிறிதும் குறையாமல், செய்ய வேண்டும் என்கிறது குற்ற நடைமுறைச் சட்டம். கைதான பெண்ணுக்கே அந்த அளவு பாதுகாப்பு உண்டு. தனியார் காவலருக்கோ காவல்துறையின் அதிகாரம் எதுவும் கிடையாது. அவர் தொடுவது அந்தப் பெண்ணின் சம்மதத்தால் மட்டுமே நியாயமாகிறது. அதைத் திரும்பப் பெற்ற நொடியில் அவரும் வெறும் அந்நியர்தான். மறுத்தால் வேலை போகலாம். அது வேறு விஷயம், உடம்பின் மேல் கை வைக்கும் உரிமை அதனால் வந்துவிடாது.

நேரத்தைப் பொறுத்தவரை அமெரிக்காவில் இரண்டு வழக்குகள் நடந்திருக்கின்றன. தோழி சொன்ன பிறகு தேடிப் படித்தேன். முதல் வழக்கு அமேசான் கிடங்குகளில், ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் வேலை செய்தவர்கள் போட்டது. வேலை முடிந்ததும் பர்ஸ், சாவி, பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு உலோகச் சோதனைச் சட்டத்தின் வழியே வர வேண்டும். ஏறக்குறைய 25 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்குக் கூலி வேண்டும் என்றார்கள். 2014 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலில், இல்லை என்றது. அவர்களை வேலைக்கு எடுத்தது அலமாரியிலிருந்து பொருளை எடுத்துக் கட்டத்தான், சோதனைக்கு நிற்க அல்ல. சோதனை இல்லாமலும் அந்த வேலை நடக்கும். ஆகவே அது வேலையின் பிரிக்க முடியாத பகுதி அல்ல என்பது தர்க்கம். எனக்கு இது படிக்கும்போது பிசகில்லாத தர்க்கமாகத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவர்களால் வேறெங்கும் போக முடியாது என்பதை மட்டும் அது பார்க்கவில்லை.

இரண்டாவது வழக்கு கலிபோர்னியாவில், ஆப்பிள் கடை ஊழியர்கள் 2013இல் தொடுத்தது. அங்கே உடம்பைத் தொடவில்லை, பைச் சோதனை மட்டும்தான். ஆனாலும் என் மாணவியின் வரிசை எனக்கு அதில் அப்படியே தெரிந்தது. ஊழியர் முதலில் வேலை நேரத்தை முடித்துப் பதிய வேண்டும், பிறகு மேலாளரையோ காவலரையோ தேடிப்போய்ப் பையைத் திறந்து காட்ட வேண்டும். மேலாளர் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தால் அவர் முடிக்கும்வரை நிற்க வேண்டும். வழக்கமாக ஐந்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம், கூட்டமான நாளில் இன்னும் அதிகம் ஆனது என்று அவர்கள் சொன்னார்கள். சோதனையைத் தவிர்த்தால் வேலையே போகலாம்.

பை கொண்டுவருவது அவரவர் வசதிக்காக, வேண்டாம் என்றால் கொண்டுவராமல் இருக்கலாமே என்று நிறுவனம் வாதாடியது. இந்த வாதத்தைக் கேட்டதும் எண்பது பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். மதியச் சாப்பாட்டை எதில் கொண்டுவருவது? மாதத்தில் ஐந்து நாள் நாப்கினை எதில் கொண்டுவருவது? 2020 பிப்ரவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. சாவி, பர்ஸ், தண்ணீர், சாப்பாடு, மூக்குக் கண்ணாடி எல்லாம் மனிதர்கள் வேலைக்குக் கொண்டுபோகிற சாதாரணப் பொருள்கள், அவற்றுக்குப் பையும் வேண்டும் என்றது. கடைச் சட்டையைக் கடைக்கு வெளியே போட்டுக்கொண்டு திரியக் கூடாது என்று நிறுவனமே சொல்லியிருக்கும்போது, அதைக் கழற்றி வைக்கவாவது பை வேண்டாமா என்றும் கேட்டது. ஊழியரின் சொந்த ஐபோனையும் சோதிக்கிறார்கள். ஐபோன் அவர்களுக்கு அவசியமில்லை என்கிற அதே நிறுவனம், உலகத்துக்கு அதை வாழ்க்கையோடு ஒன்றியது என்று விற்கிறதே என்றும் ஓர் இடத்தில் வருகிறது. தீர்ப்பில் அந்த இடத்தைப் படிக்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன்.

தீர்ப்பின் மையம் எளிமையானது. அந்த நேரத்தில் ஊழியர் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறார்? போக முடியாது, எங்கே நிற்பது என்பது அவள் கையில் இல்லை, நிற்காவிட்டால் தண்டனை, நிற்பதால் பயன் முதலாளிக்கு. அப்படியானால் அது முதலாளியின் நேரம், கூலி கொடுக்க வேண்டும். சோதனை கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. திருட்டைத் தடுக்கும் உரிமை உனக்கு உண்டு, செலவை நீ ஏற்றுக்கொள் என்றது. கடைசியில் சுமார் மூன்று கோடி டாலரில் அந்த வழக்கு சமரசமானது. இரண்டு வழக்கிலும் மனிதர்கள் நின்றது ஒரே மாதிரி வரிசைதான். முதல் நீதிமன்றம் இது உன் வேலையா என்று கேட்டது, இரண்டாவது நீ யார் பிடியில் இருக்கிறாய் என்று கேட்டது. முதல் கேள்விக்கு என் மாணவியிடமும் பதில் கிடையாது. அவளை எடுத்தது சேலை விரித்துக் காட்டத்தான். இரண்டாவது கேள்விக்குச் சின்னக் குழந்தைகூடப் பதில் சொல்லும்.

முதல் தீர்ப்பு வந்த அதே 2014 டிசம்பரில், கொச்சியின் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ரப்பர் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கழிப்பறையில் பயன்படுத்திய நாப்கின் ஒன்று கிடந்தது. போட்டது யார் என்று கண்டுபிடிக்க, நாற்பதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களை ஆடை களைந்து சோதித்ததாகப் புகார் எழுந்தது. இங்கே திருட்டே இல்லை, காணாமல் போன பொருளே இல்லை. திருட்டுக்கென்று ஏற்றுக்கொண்ட சோதனை எந்தக் காரணத்துக்கும் நீளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. செய்தி வெளிவந்ததும் கேரளப் பெண்கள் அந்த நிறுவனத்தின் முகவரிக்குத் தபாலில் நாப்கின்கள் அனுப்பினார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி அன்றே எல்லோரும் எழுதினோம். குறைவாகப் பேசப்பட்டது, சோதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெண் மேற்பார்வையாளர்கள் என்பது. பெண்ணைப் பெண் சோதித்தால் போதும் என்ற அந்தப் பழைய வேலி அங்கே முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அதனால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது?

என் மாணவிக்கும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஆடித் தள்ளுபடி நேரம். அவள் தளத்தில் ஜாக்கெட் துணிக் கட்டு ஒன்று கணக்கில் இல்லை. இன்று நன்றாகப் பார்க்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. காவலரின் கை இடுப்புக்குக் கீழே போனபோது தடிப்பாக ஏதோ தட்டுப்பட்டது. “அது நாப்கின்க்கா” என்றாள். “காட்டு” என்றார் அவர். மாட்டேன் என்றாள். வரிசையிலிருந்து விலகி ஓரமாக நிற்கச் சொன்னார்கள். மேற்பார்வையாளர் வந்தார், மேலாளர் வந்தார், எல்லோரும் போன பிறகும் நின்றாள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவள் ஊருக்குக் கடைசிப் பேருந்து. அது போய்விட்டது. போனைக் கொடுத்த பிறகு அப்பாவை வரச்சொல்லி, பத்தே முக்காலுக்கு அவர் பைக்கில் வந்தார். மகளை அந்தச் சந்தில், அந்த விளக்கடியில், இரண்டு ஆண்களுக்கு நடுவில் பார்த்த அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. “அதுதாம்மா தாங்க முடியல” என்றாள் என்னிடம். “அப்பா என்ன நினைச்சிருப்பாருன்னு இன்னும் தெரியல.” மறுநாள் அரை நாள் கூலி பிடித்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் கட்டு தையல் பிரிவில் கிடைத்தது, யாரோ மாற்றிவிட்டு எழுதவில்லை. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. பக்கத்து மேசைப் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தக் காவலரைப் பிறகு ஒருநாள் தேநீர்க் கடையில் பார்த்தேன். கடையின் ஆள் அல்ல, ஏஜென்சி மூலம் வந்தவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். கோபத்தோடு போன எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவரே பேசினார். “நான் தொட்டா அந்தப் பிள்ளைங்க மூஞ்சி திருப்பிக்கும். எனக்கு மட்டும் ஆசையா? ஒரு சாமான் வெளிய போச்சுன்னா என் சம்பளத்துல பிடிப்பாங்க. எல்லாரையும் அனுப்பிட்டு நான் போகையில, சூப்பர்வைசர் தம்பி என் பையக் கொட்டிப் பார்ப்பாரு. எனக்குத் திரைகூடக் கிடையாது.” ஏஜென்சி பயிற்சி கொடுத்ததா என்று கேட்டேன். சீருடை கொடுத்தது, விசில் கொடுத்தது என்றார்.

இது பாலியல் தொந்தரவா என்று மாணவிகள் கேட்டார்கள். 2013ஆம் ஆண்டின் சட்டம், பாலியல் தன்மையுள்ள, விரும்பாத தொடுதலையும் நடத்தையையும் பற்றிப் பேசுகிறது. செய்பவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். கடையில் அப்படியொரு குழுவின் பெயர்ப்பலகை இருந்தது, அதில் இருந்தவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வழியில் போவதா என்று இரண்டு மாலை பேசினோம். அந்தக் காவலரின் பெயரை எதிர்மனுதாரராக எழுத என் மாணவிக்கு மனம் வரவில்லை. “அவங்க கைய எடுத்துட்டா இன்னொருத்தங்க கை வரும்” என்றாள்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்காருவதற்காகவும் விஜியின் ‘பெண்கூட்டு’ வழியாகப் போராடியதை அவர்களுக்குச் சொன்னேன். அதன் பிறகுதான் 2018இல் கேரளத்திலும் 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகளில் நாற்காலி சட்டமானது. எங்கள் ஜவுளிக்கடையிலும் அதற்காக நாற்காலிகள் வாங்கி வைத்திருக்கிறார்கள், தளத்தில். படிக்கட்டில் இல்லை.

கடைசியில் பதினோரு பேர் கையெழுத்திட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எழுத்துப்பிழை திருத்தியது மட்டும் நான்; வாசகம் அவர்களுடையது. மூன்று கோரிக்கைகள். பையைப் பார்க்கலாம், ஆனால் நாப்கின் வைத்த உறையைத் திறக்கக் கூடாது. உடம்பைத் தொட வேண்டுமென்றால் என்ன பொருள் காணவில்லை, ஏன் இந்தப் பெண்மேல் சந்தேகம் என்பதை ஒரு நோட்டில் எழுதி அவளிடம் காட்டிய பிறகு, மூடிய அறையில், அவள் கேட்கும் தோழி ஒருத்தியோடு சேர்த்து இரண்டு பெண்கள் முன்னிலையில்தான் தொட வேண்டும். மாட்டேன் என்றால் காவல்துறையை அழைக்கலாம், நிறுத்தி வைக்கக் கூடாது. விரல் வைக்கும் இயந்திரத்தைப் பின்வாசலுக்கு வெளிப்பக்கம், சோதனை முடிந்த பிறகு வரும் இடத்தில் மாட்ட வேண்டும்.

நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்பியிருந்ததால் இருக்கலாம், பத்து நாளில் கூப்பிட்டுப் பேசினார்கள். என்னையும் வரச்சொன்னார்கள். நாப்கின் விஷயத்தைப் பேசவே உரிமையாளருக்குக் கூச்சம், உடனே சரி என்றுவிட்டார். இரண்டாவதைப் பாதி ஒப்புக்கொண்டார். தினசரித் தடவல் நின்றது. ‘தேவைப்பட்டால்’ சோதிப்போம் என்றார்கள். அந்தத் தேவையை எழுதும் நோட்டு வந்திருக்கிறது. இதுவரை அதில் இரண்டு பதிவுகள். எண்பது பேரைத் தினமும் தடவியபோது எழுத ஒன்றுமே இல்லாமல் இருந்தது, காரணம் எழுத வேண்டும் என்றதும் இரண்டாகிவிட்டது. சரக்குக் குறைந்ததா என்று மேலாளரிடம் கேட்டேன். ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்றார்.

மூன்றாவதற்கு மட்டும் அவர் அசையவில்லை. இயந்திரத்தை மாற்ற முடியாது, வயரிங் எல்லாம் உள்ளே இருக்கிறது, சுவரை உடைக்க வேண்டும் என்றார். அன்று அதோடு கலைந்தோம். அடுத்த வாரம் என் மாணவி வகுப்பு முடிந்து வந்து நின்றாள். கடையில் விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டாளாம். சுவரை உடைக்க வேண்டாம், பன்னிரண்டு மீட்டர் வயர் போதும் என்றாராம். விலையையும் கேட்டுத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தாள்.